அபவுட் வேண்டுமா, வேண்டாமா?

என் அக்கா மகள் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. ஜெர்மனியில் இருக்கும் வாடிக்கையாளருக்குச் சரக்கு தாமதமாவது குறித்து மின்னஞ்சல் எழுதியவள், அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினாள். முதல் வரி இது:

```
We discussed about the delay with our supplier.
```

"சித்தி, இதுல அபவுட் வரணுமா, வரக்கூடாதா? ஆபீஸ்ல ஒருத்தர் வரணும்கிறார், இன்னொருத்தர் கூடாதுங்கிறார். ஏன்னு கேட்டா ரெண்டு பேருக்கும் சொல்லத் தெரியல. காதுக்கு எது சரியாப் படுதோ அதைப் போடுன்னுட்டாங்க."

மொழிபெயர்ப்பு வேலையில் எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வரும். இந்த இடத்தில் காதை நம்ப முடியாது என்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. தமிழில் நாம் "தாமதத்தைப் பற்றி விவாதித்தோம்" என்கிறோம். அந்தப் "பற்றி" ஆங்கிலத்துக்குப் போகும்போது அபவுட் ஆகிவிடுகிறது. அதோடு, ஆங்கிலத்திலேயே டாக், ஸ்பீக் போன்ற வினைச்சொற்களுக்குப் பின் அபவுட் வருவதை நாம் ஆயிரம் முறை கேட்டிருக்கிறோம். டிஸ்கஷன் என்ற பெயர்ச்சொல்லுக்குப் பின்னும் அது வரும். இத்தனையும் சேர்ந்துதான் டிஸ்கஸ் அபவுட் என்பதைக் காதுக்குப் பழக்கமாக்கியிருக்கின்றன. ஆனால் டிஸ்கஸ் என்ற வினைச்சொல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அந்தச் சொல்லிடமே கேட்க வேண்டும். கேட்க இரண்டு இடங்கள் உண்டு: அகராதிப் பதிவு, ஆங்கிலம் எழுதியவர்களின் உண்மையான வாக்கியங்கள்.

முதலில் எந்த அகராதி என்று பார்க்க வேண்டும். ஆங்கிலம்–தமிழ் அகராதிக்குப் போவது பொருள் தெரியாதபோதுதான். டிஸ்கஸ் என்றால் என்ன என்பது அக்கா மகளுக்கு நன்றாகவே தெரியும். அடுத்து என்ன சொல் வரும் என்பதுதான் அவளுடைய ஐயம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கான அகராதிகளும் இதற்கு அவ்வளவாக உதவுவதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு இந்த ஐயம் வருவதில்லை.

இந்தக் குறையை உணர்ந்து அகராதி செய்தவர் ஏ. எஸ். ஹார்ன்பி. 1924இல் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போன ஆங்கிலேயர் அவர். பொருள் தெரிந்த பிறகும் வாக்கியத்தை அமைக்க முடியாமல் மாணவர்கள் திணறுவதைப் பார்த்து, ஒவ்வொரு வினைச்சொல்லும் தனக்குப் பின் எதை ஏற்கும் என்பதைக் காட்டும் அகராதியை உருவாக்கினார். 1942இல் டோக்கியோவில் வெளிவந்த அதை 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி என்று இன்று நாம் வாங்குவது அதன் வழிவந்ததுதான். லாங்மேன், கேம்பிரிட்ஜ், காலின்ஸ் கோபில்ட் ஆகியவையும் இதே வகைக் கற்போர் அகராதிகள். எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதியில் டிஸ்கஸ் பதிவைத் திறந்தோம். பள்ளியில் படித்த செயப்படுபொருள் குன்றா வினைதான் இது. அதாவது, எதை என்ற கேள்விக்கு விடையான சொல் இடையில் எதுவும் இல்லாமல் வினையை ஒட்டியே வர வேண்டும். அதற்கடுத்து அமைப்பைக் காட்டும் வரி:

```
discuss something (with somebody)
```

அச்சு அகராதிகளில் இடம் மிச்சமாக `sth`, `sb` என்று சுருக்கியிருப்பார்கள். முதலாவது பொருளுக்கும் இரண்டாவது ஆளுக்கும் நிற்கிறது. அடைப்புக்குறிக்குள் இருப்பதைச் சேர்க்கலாம், விடலாம். இந்த வரியில் வித் இருக்கிறது, அபவுட் இல்லை. விடை இங்கேயே கிடைத்துவிட்டது.

ஆனால் அவளுடைய கண் அந்த வரிக்குப் போகவில்லை, பொருள் விளக்கத்தில் நின்றுவிட்டது. "இதோ பாருங்க சித்தி, டாக் அபவுட் சம்திங்னு போட்டிருக்கே!" அகராதி பார்த்தும் தவறு செய்பவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். விளக்கம் அந்தச் சொல்லை வேறு சொற்களால் அவிழ்த்துக் காட்டுகிறது. அங்கே இருக்கும் அபவுட் டாக் என்ற சொல்லுக்கு உரியது. அது ஏற்கெனவே டிஸ்கஸ் என்ற சொல்லின் பொருளுக்குள் அடங்கிவிட்டதால்தான் மறுபடி போடத் தேவையில்லை. பொருளை விளக்கத்தில் பார்க்கலாம். வாக்கிய அமைப்புக்கு, அமைப்பு வரியையும் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் பார்க்க வேண்டும். இந்தத் தவறு உலகெங்கும் நடப்பதால், அபவுட் சேர்க்கக்கூடாது என்று அந்தப் பதிவிலேயே தனிக் குறிப்பும் இருக்கிறது. டிஸ்கஷன் பதிவையும் பார்த்தால் படம் முழுமையாகும். அங்கே பெயர்ச்சொல்லுக்குப் பின் அபவுட் சரியாகவே நிற்கும்.

எல்லா ஐயத்துக்கும் அகராதி இப்படித் தனிக்குறிப்புத் தராது. அப்போது நேரே வாக்கியங்களிடம் போக வேண்டும். அகராதிக்காரர்களும் அங்கிருந்துதான் எடுக்கிறார்கள். 1987இல் வந்த கோபில்ட் அகராதி, பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில், கணினியில் திரட்டிய உண்மையான எழுத்தையும் பேச்சையும் வைத்தே எழுதப்பட்டது. அப்படிப்பட்ட திரட்டுகள் இன்று நமக்கும் திறந்திருக்கின்றன. `english-corpora.org` தளத்தில் இருக்கும் COCA என்ற அமெரிக்க ஆங்கிலத் திரட்டில், 1990 முதல் 2019 வரையிலான பேச்சு, கதை, இதழ், நாளிதழ், ஆய்வுக் கட்டுரை முதலியவற்றிலிருந்து 100 கோடிச் சொற்கள் உள்ளன. பதிவு செய்துகொண்டு ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட அளவு இலவசமாகத் தேடலாம்.

தேடும்போது இரண்டு தொடர்களைத் தனித்தனியே போட்டு ஒப்பிட வேண்டும்:

```
DISCUSS the
DISCUSS about the
```

பெரிய எழுத்தில் போட்டால் அந்த வினையின் எல்லா வடிவங்களையும் திரட்டு சேர்த்துத் தேடும். இரண்டு தொடரிலும் மற்றதெல்லாம் ஒன்றாக இருந்து, ஐயமான சொல் மட்டும் மாறுவதைக் கவனியுங்கள். ஒரு தொடரை மட்டும் தேடி, ஏதோ சில முறை வருகிறது என்று பார்ப்பதில் பயனில்லை. எதைவிடக் குறைவு, எதைவிட அதிகம் என்று தெரிந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. ஒரு தொடர் வரவே இல்லை என்பதும் அப்படித்தான். அதன் மாற்று ஏராளமாக வந்து இது மட்டும் வராவிட்டால் அது சான்று. இரண்டுமே வராவிட்டால், அது அபூர்வமான பேச்சு என்பதற்கு மேல் எதுவும் தெரியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

எண்ணைப் பார்த்ததும் நிறுத்திவிடாமல் அதைச் சொடுக்கி வரிகளைப் படிக்க வேண்டும். கணினி அடுத்தடுத்து நிற்கும் சொற்களைத்தான் பார்க்கிறது, அவற்றின் உறவு அதற்குத் தெரியாது. டிஸ்கஸ் அபவுட் என்று மட்டும் தேடினால் இப்படிப்பட்ட வரிகளும் கணக்கில் ஏறும்:

```
They discuss about ten cases a day.
There is much to discuss about this film.
```

முதல் வரியில் அபவுட் என்றால் ஏறத்தாழ. நாளொன்றுக்குப் பத்து வழக்குகள் என்ற தோராயக் கணக்கு அது. இரண்டாவதில், எதை விவாதிக்க என்ற கேள்விக்கு மச் என்ற சொல் முன்னாலேயே விடையாக நிற்கிறது, அபவுட் அந்த மச் என்பதோடு சேர்ந்தது. இரண்டும் சரியான ஆங்கிலம், ஆனால் நம் வாக்கியத்துக்கு இரண்டும் சாட்சி ஆகா. இப்படி வரிகளைப் பிரித்துப் பார்க்காமல் எண்ணை மட்டும் காட்டி வாதாடுபவர் வேறு வழக்கின் சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிறார்.

கூகுள் தேடலில் மேலே தெரியும் "இத்தனை முடிவுகள்" என்ற எண்ணை நான் சான்றாக எடுத்துக்கொள்வதே இல்லை. அது தோராய மதிப்பு, பக்கம் மாற மாற அதுவும் மாறும். எழுதியவர் யார் என்பதும் தெரியாது. அச்சான புத்தகங்களைத் தேட கூகுளின் Ngram Viewer உதவும். அதில் 40 புத்தகங்களுக்குக் குறைவாக வரும் தொடர் கணக்கிலேயே சேராது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

எல்லாம் பார்த்த பிறகு அவள் நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டாள். "நம்ம ஊர்ல எல்லாரும் இப்படித்தானே எழுதுறாங்க? அது கணக்குல வராதா?" வரும். அதே தளத்தில் GloWbE என்ற திரட்டு, இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா உட்பட 20 நாடுகளின் இணைய எழுத்தை நாடுவாரியாகக் காட்டுகிறது. டிஸ்கஸ் அபவுட் என்ற வழக்கு ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் ஆங்கிலத்தில் உயிரோடு இருப்பது மொழியியலாளர்கள் அறிந்ததே. ஆகவே அப்படி யாரும் எழுதுவதில்லை என்று சொல்ல முடியாது. படிக்கப்போவது யார் என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். அபவுட் இல்லாத வாக்கியத்தை சென்னையிலும் ஏற்பார்கள், ஹாம்பர்க்கிலும் ஏற்பார்கள். அபவுட் உள்ளதைச் சில இடங்களில் பிழையாகக் கருதுவார்கள். எடுத்துவிட்டால் பொருளில் எதுவும் குறையவில்லை. அவள் எடுத்துவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து ஓர் ஒப்பந்த நகலோடு வந்தாள். என்டர் என்ற வினைக்குப் பின் இருந்த இன்டு என்ற சொல்லை யாரோ சிவப்பு மையால் அடித்திருந்தார்கள்:

```
The parties enter into this agreement.
```

அறைக்குள் நுழைவதைச் சொல்லும்போது இன்டு வேண்டாம் என்று படித்தவர், அதை இங்கும் பொருத்திவிட்டார். இம்முறை பதிவைக் கடைசி வரை படித்தோம். இடத்துக்குள் நுழைவது மேலே தனிப்பொருளாகவும், இன்டு சேர்ந்த வழக்கு கீழே கூட்டுவினைகளின் பகுதியில் தனியாகவும் இருந்தன. பிறகு `ENTER into a NOUN` என்று தேடி, வலப்பக்கம் எந்தச் சொற்கள் வருகின்றன என்று பார்த்தோம். ஒப்பந்தம், பேச்சுவார்த்தை, கூட்டு என்ற பொருள்தரும் சொற்களே முன்னணியில் நின்றன. இடத்துக்கும் இன்டு போட்ட வாக்கியம் பழைய நூல்களில் உண்டு. 1611இல் வந்த ஆங்கில விவிலியத்தில் அது சாதாரணம். ஆகவே வாக்கியத்தோடு அதன் ஆண்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒப்பந்தத்தில் அடித்த சொல் திரும்பவும் ஏறியது.

இப்போது அவள் மேசையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் இருக்கிறது. இடப்பக்கம் வினைச்சொல், வலப்பக்கம் அதன் பெயர்ச்சொல், இரண்டுக்கும் பின்னால் என்ன வருகிறது என்ற குறிப்பு. டிஸ்கஸ், டிஸ்கஷனுக்குக் கீழே ரிக்வெஸ்ட் என்ற சொல்லை அவளாகவே எழுதியிருந்தாள். பெயர்ச்சொல்லாக நின்றால் ஃபார் உண்டு, வினையாக நின்றால் இல்லை. அது எந்த அகராதியில் பார்த்தது என்பதையும் ஓரத்தில் குறித்து வைத்திருந்தாள். அலுவலகத்தில் யாராவது மறுத்தால், காதுக்கு எது சரியாகப் படுகிறது என்று இனி அவள் பேச வேண்டியதில்லை. அந்தப் பதிவைத் திறந்து காட்டிவிடலாம்.