அகஸ்டஸ் இறந்தபோது வயது என்ன?

வரலாறு படிக்கும் மாணவர்களிடம் நான் அடிக்கடி கொடுக்கும் கணக்கு ஒன்று உண்டு. ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 63 செப்டம்பர் 23இல் பிறந்தார். கி.பி. 14 ஆகஸ்ட் 19இல் இறந்தார். அப்போது அவருக்கு வயது என்ன?

பெரும்பாலோர் 63உடன் 14ஐக் கூட்டி 77 என்பார்கள். கொஞ்சம் கவனமானவர்கள், பிறந்தநாள் வர இன்னும் ஒரு மாதம் இருந்ததே என்று ஒன்றைக் கழித்து 76 என்பார்கள். இரண்டும் தவறு. சரியான விடை 75.

எங்கே ஓர் ஆண்டு குறைந்தது? கி.மு. 1 முடிந்த மறுநாளே கி.பி. 1 தொடங்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் 0 என்ற ஆண்டே இல்லை.

இதைப் புரியவைக்க நான் மாணவர்களைப் பேரங்காடி மின்தூக்கிக்குள் அழைத்துப் போவேன், கற்பனையில்தான். பல கட்டடங்களில் தரைத்தளம் 1. அதற்கு நேர் கீழே நிலத்தடித் தளம் B1. B3இல் காரை நிறுத்திவிட்டு 2ஆம் தளத்துக்குப் போகிறீர்கள். மூன்றும் இரண்டும் ஐந்து என்று நினைப்போம். ஆனால் B2, B1, 1, 2 என்று நாம் ஏறுவது நான்கு தளங்கள்தான். கி.மு.விலிருந்து கி.பி.க்கு வருவதும் இப்படித்தான். இரண்டு எண்களையும் கூட்டி, ஒன்றைக் கழிக்க வேண்டும்.

அகஸ்டஸுக்கு வருவோம். 63உம் 14உம் 77. பூஜ்ய ஆண்டு இல்லாததால் ஒன்று போக 76. அது கி.பி. 14 செப்டம்பரில் அவர் எட்டியிருக்க வேண்டிய வயது. அதற்கு முன்பே இறந்ததால் 75. ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ், 76 வயது நிறைய 35 நாள் இருந்தபோது அவர் இறந்ததாக எழுதியிருக்கிறார். ஆகஸ்ட் 19இலிருந்து செப்டம்பர் 23 வரை எண்ணிப் பாருங்கள், சரியாக 35 நாள்.

ஒன்றைக் கழிப்பது எல்லையைத் தாண்டும்போது மட்டும்தான். ஜூலியஸ் சீசர் கி.மு. 100 ஜூலையில் பிறந்து கி.மு. 44 மார்ச்சில் கொல்லப்பட்டார் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. இரண்டுமே கி.மு. என்பதால் 100இலிருந்து 44ஐக் கழித்தால் 56. பிறந்தநாள் வரவில்லை என்பதால் 55. அவ்வளவுதான்.

பூஜ்யத்தை ஏன் விட்டார்கள்? இந்த ஆண்டு வரிசையை கி.பி. 525இல் அமைத்தவர் டயோனிசியஸ் எக்சிகுவஸ் என்ற துறவி. ஈஸ்டர் நாளைக் கணிக்கும் அட்டவணைக்காக இயேசுவின் பிறப்பிலிருந்து ஆண்டுகளை எண்ணினார். அவர் பயன்படுத்திய ரோமானிய எண்களில் பூஜ்யத்துக்கு எழுத்தே கிடையாது. அதைவிட முக்கியம், அவர் எண்ணிய முறை. மன்னரின் ஆட்சியாண்டை முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு என்றுதான் சொல்வோம். பூஜ்யமாவது ஆண்டு என்று யாரும் சொல்வதில்லை. பிறகு வந்தவர்கள் பின்னோக்கி எண்ணியபோதும் அதே பழக்கத்தில் ஒன்றிலிருந்து தொடங்கிவிட்டார்கள்.

வானியலாளர்களுக்கு இது இடைஞ்சல். ஆகவே அவர்கள் கி.மு. 1ஐ 0 என்றும், கி.மு. 2ஐ -1 என்றும் எழுதுகிறார்கள். அந்த முறையில் அகஸ்டஸ் பிறந்தது -62. ஒரு நூலில் -62 என்று பார்த்துவிட்டு அதை கி.மு. 62 என்று எழுதினால், அங்கேயும் ஓர் ஆண்டு பிசகும்.

நமக்கு நெருக்கமான ஒரு கணக்கிலும் இது ஒளிந்திருக்கிறது. திருவள்ளுவர் கி.மு. 31இல் பிறந்தார் என்று வைத்துக்கொண்டு, கி.பி. ஆண்டோடு 31ஐக் கூட்டித் திருவள்ளுவர் ஆண்டைச் சொல்கிறோம். 2025 தையில் பிறந்தது 2056. அப்படியானால் இங்கே ஒன்றைக் கழிக்க மறந்துவிட்டார்களா? இல்லை. கி.மு. 31ஐ முதலாம் ஆண்டாக வைத்தால் கி.மு. 1 என்பது 31ஆம் ஆண்டு, கி.பி. 1 என்பது 32ஆம் ஆண்டு. அதனால் 31ஐக் கூட்டுவது சரியே. 2056 என்பது நடக்கும் ஆண்டு, நிறைந்தவை 2055. முதல் பிறந்தநாள் கொண்டாடும் குழந்தை தன் இரண்டாம் ஆண்டில் அடியெடுத்து வைப்பது போலத்தான்.

ஆகவே வள்ளுவர் பிறந்து எத்தனை ஆண்டு நிறைந்தது என்று யாராவது கேட்டால், நாட்காட்டியில் உள்ள எண்ணை அப்படியே சொல்லாதீர்கள். ஒன்றைக் குறைத்துச் சொல்லுங்கள்.