இதயம் பெரிதா, தோள் விலகியதா?

திரையில் ஒரு மார்பு எக்ஸ்ரே. "என்ன பிழை?" என்பதுதான் கேள்வி. ரேடியோகிராபி மாணவர்களுக்கான இந்த வினாடி வினாவில், "இதயம் வீங்கியிருக்கிறது" என்று அவசரப்படுபவருக்கு மதிப்பெண் இல்லை. கேட்பது நோயை அல்ல, ஆளை நிறுத்திய விதத்தை.

விடை கழுத்துக்குக் கீழே இருக்கிறது. நடுவில் முதுகெலும்பின் பின்முள், இருபுறமும் காறை எலும்புகளின் உள்முனைகள். நேராக நின்றவருக்கு இரு இடைவெளிகளும் சமம். இந்தப் படத்திலோ வலப்பக்கம் 1 செ.மீ., இடப்பக்கம் 3 செ.மீ.

முதுகுப்பக்கமிருந்து கதிர் பாய்ச்சி எடுத்த படம் இது. உடல் இடப்பக்கம் திரும்பினால் முன்னாலுள்ள காறை எலும்புகள் இடப்பக்கம் நகரும். பின்னாலுள்ள முள் எதிர்த்திசையில் போகும். ஆக, இடைவெளி அகன்ற பக்கத்துத் தோள்தான் தகட்டை விட்டு விலகியது. இதயமும் முன்புறம் இருப்பதால் இடப்பக்கம் சாய்ந்து பெரிதாகத் தெரிந்திருக்கிறது. பாவம், அதன் மேல் குற்றமில்லை!

அடுத்த கேள்வி: எப்படித் திருத்துவது? இரு பாதங்களிலும் சமமாக எடையை ஊன்றச் செய்து, இரு தோள்களும் தகட்டைத் தொடுகின்றனவா என்று பார்த்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும்.

ஒரு பொறியும் உண்டு. முதுகெலும்பே வளைந்தவருக்கு, நேராக நின்றாலும் இடைவெளிகள் சமமாக வராமல் போகலாம். அதனால் அளக்குமுன் முதுகுத்தண்டை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிடுவார்கள், விவரமான மாணவர்கள்.