படிவத்தின் மேல் பூசிய தமிழ்

சுற்றுலா, படிப்பு, வேலை என்று அமெரிக்காவுக்குத் தற்காலிகமாகப் போக விசா கேட்பவர் இணையத்தில் நிரப்ப வேண்டியது DS-160 என்ற படிவம். சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு நேர்காணலுக்குப் போகிறவர்கள் கையில் வைத்திருக்கும் பார்கோடு போட்ட தாள் இதன் உறுதிப்பக்கம்தான். பதில்களை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். முழுப்பெயரைச் சொந்த மொழியின் எழுத்தில் கேட்கும் ஓரிடம் மட்டும் விதிவிலக்கு. ஆங்கிலப் பக்கங்களைத் தமிழாக்கும்படி ஒருமுறை சொல்லி வைத்துவிட்ட பிரவுசர், இந்தப் படிவத்தையும் கேட்காமலே தமிழாக்கிக் காட்டும். ஆங்கிலம் தடுமாறுகிறவருக்கு அது பெரிய ஆறுதலாகத் தெரியும். ஆனால் செய்தியைப் படிக்க உதவும் இந்த வசதி, படிவத்தை நிரப்பும்போது காலை வாரிவிடுகிறது. மொழிபெயர்ப்பு மோசமாக இருப்பது மட்டும் இதற்குக் காரணமில்லை. மிக நல்ல மொழிபெயர்ப்பாக இருந்தாலும், அதை வைக்கிற இடம் தவறு என்பதுதான் என் வாதம்.

பிரவுசர் செய்வது என்னவென்று பார்த்தால் இது புரியும். பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளைத் துண்டு துண்டாக எடுத்து, மொழிபெயர்த்து, அதே இடத்தில் பழைய எழுத்தை நீக்கிவிட்டுப் புதியதைப் பொருத்துகிறது. இந்தத் துண்டு அறிவுரையா, கட்டத்தின் பெயரா, டிராப்டவுனில் உள்ள தேர்வா, விண்ணப்பதாரரின் சொந்தப் பெயரா என்பது அதற்குத் தெரியாது. கட்டுரை என்றால் முன்னும் பின்னும் வாக்கியங்கள் இருக்கும். பொருளை ஊகிக்க இடமுண்டு. படிவத்தில் இருப்பவையோ ஒற்றைச் சொற்கள். State என்று தனியாக நிற்கும் சொல் மாநிலமா, நிலைமையா? மாதப் பட்டியலில் உள்ள MAY மே மாதமா, ‘செய்யலாம்’ என்பதில் வரும் துணைவினையா? மனிதர் பட்டியலைப் பார்த்துப் புரிந்துகொள்வார். துண்டைத் தனியே பார்க்கும் இயந்திரம் சில நேரம் சரியாகச் சொல்லும், சில நேரம் சறுக்கும்.

முதலில், உடைவது வெளிப்படையாகத் தெரியும் வகை. டிராப்டவுனில் உள்ள ஒவ்வொரு தேர்வையும் இரண்டு விதமாக எழுதலாம்:

```html
<option>Married</option>
<option value="M">Married</option>
```

இரண்டாவது வரியில் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, சர்வருக்குப் போவது வேறொன்று. திரையில் இருப்பதைப் பிரவுசர் எப்படி மாற்றினாலும் M என்பதே போய்ச் சேரும். முதல் வரியில் value கிடையாது. அது இல்லாவிட்டால் திரையில் தெரியும் எழுத்தையே மதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எச்.டி.எம்.எல். விதி. தமிழாக்கிய பிறகு சர்வருக்குப் போவது ‘திருமணமானவர்’. அங்கே இருக்கும் பட்டியலில் Married என்றுதான் இருக்கிறது, பொருந்துவதில்லை. அதற்கு முன்பே இன்னொரு கோளாறும் நடந்திருக்கும். Married என்று தேர்ந்தால் துணைவரின் பெயரைக் கேட்கும் பகுதியைத் திறக்கும்படி நிரல் எழுதியிருப்பார்கள். அது திரையில் உள்ள எழுத்தை ஒப்பிடுவதாக இருந்தால், ‘திருமணமானவர்’ என்பதைக் கண்டு சும்மா இருந்துவிடும். துணைவரின் பெயரை எழுத இடமே வராது. கடைசியில் ‘திருமண நிலையைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று சிவப்பு எழுத்தில் பிழை காட்டும். தேர்ந்தெடுத்தது கண்ணெதிரே தெரிகிறது. தேர்ந்தெடுக்கவில்லை என்கிறது படிவம். இதில் மாட்டியவர் தளம் பழுது என்றோ, நெட் மந்தம் என்றோ நினைத்து மறுபடி மறுபடி அமுக்குவார். மொழிபெயர்ப்பின் மேல் சந்தேகம் வராது.

எரிச்சலூட்டினாலும் இது சிறிய ஆபத்துதான். படிவம் நின்றுவிடுகிறது, தவறான தகவல் போய்ச் சேர்வதில்லை. பெரிய ஆபத்து, ஒழுங்காக எழுதிய படிவத்தில் எல்லாம் சரியாக நடப்பதுபோல் தோன்றும்போது வருவது. DS-160இல் ஒரு கேள்வி: முன்பு அமெரிக்க விசா மறுக்கப்பட்டதா, அந்நாட்டுக்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டதா, நுழைவிடத்தில் admission கேட்டு வைத்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றீர்களா? குடியேற்றச் சட்டத்தில் அந்தச் சொல் நாட்டுக்குள் அனுமதிப்பதைக் குறிக்கும். தமிழில் அது ‘சேர்க்கை’ என்று வந்தால், கல்லூரிப் படிப்புக்காக விசா கேட்கும் மாணவர் என்ன நினைப்பார்? ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்துவிட்டு வேண்டாமென்று விட்டது நினைவுக்கு வரும். நேர்மையானவராக இருந்தால் ‘ஆம்’ என்று குறிப்பார். படிவம் எந்த எதிர்ப்பும் காட்டாது. Yes என்ற மதிப்பு துல்லியமாகப் போய்ச் சேரும். அனுப்பிய பிறகு விண்ணப்பதாரர் தாமாகத் திருத்த வழியில்லை; புதிதாக ஒரு படிவம் நிரப்ப வேண்டும். தவறை அவர் கண்டுபிடித்தால்தானே அதுவும்! சில கட்டங்களுக்கு அருகில் Does Not Apply என்றொரு டிக் பெட்டி இருக்கிறது. ‘பொருந்தாது’ என்று வந்தால் சரி. ‘விண்ணப்பிக்கவில்லை’ என்று வந்தால் அது வேறு கதை.

கட்டங்களின் பெயர்களை மாற்றுவதில் இன்னும் நுட்பமான ஒரு கேடு உண்டு. படிவத்தில் ஒரு கட்டத்தின் பெயர் பொருள் சொல்வதற்காக மட்டும் இல்லை. கையில் உள்ள வேறொரு தாளோடு பொருத்திப் பார்ப்பதற்காகவும் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டில் Surname, Given Name(s) என்று அச்சிட்டிருக்கிறது. DS-160இலும் Surnames, Given Names என்றுதான் கேட்கிறது. ஆங்கிலம் தெரியாதவரும் எழுத்தைப் பார்த்து எழுத்தைப் பொருத்திவிடலாம். திரையில் அவை ‘குடும்பப்பெயர்கள்’, ‘கொடுக்கப்பட்ட பெயர்கள்’ என்று மாறியதும் அந்தப் பிடி நழுவுகிறது. அதிலும் தமிழருக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது; தந்தை பெயரும் முதலெழுத்தும்தான். பாஸ்போர்ட்டில் எந்த இடத்தில் எது அச்சாகியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்து நிரப்ப வேண்டியவரை, ‘என் குடும்பப்பெயர் எது’ என்று யோசிக்க வைத்துவிடுகிறது மொழிபெயர்ப்பு. சாதிப் பெயரை எழுதலாமா, ஊர்ப் பெயரா என்று குழப்பம் அங்கே தொடங்குகிறது. பாதியில் விட்ட விண்ணப்பத்தைத் திரும்ப எடுக்க Surnames கட்டத்தில் எழுதியதன் முதல் 5 எழுத்துகளையும் கேட்கும் என்பதால், அங்கே என்ன எழுதினோம் என்ற குழப்பம் பிறகும் துரத்தும்.

எல்லாவற்றையும்விட மோசம், அனுப்புவதற்கு முன் வரும் சரிபார்ப்புப் பக்கம். நிரப்பும்போது கட்டத்துக்குள் நாம் தட்டிய எழுத்தை மொழிபெயர்ப்பான் தொடாது. சரிபார்ப்புப் பக்கத்திலோ நம் பதில்கள் சாதாரண எழுத்தாக வருகின்றன. அவற்றையும் சேர்த்து மாற்றிவிடுகிறது. பிரின்ஸ் என்ற பெயர்க்காரர் ‘இளவரசர்’ ஆகலாம். இந்தக் கேலிக்கூத்தையாவது பார்த்ததும் கண்டுகொள்ளலாம். பெயரைச் சரியாகவே தமிழ் எழுத்தில் காட்டினால்தான் சிக்கல். SHANTHI, SANTHI, SHANTI மூன்றும் திரையில் ‘சாந்தி’. பாஸ்போர்ட்டில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கென்றே உள்ள பக்கத்தில், பார்க்க வேண்டிய எழுத்துகளே இல்லை. மொழிபெயர்ப்பு எவ்வளவு சிறப்போ, பிழை அவ்வளவு நன்றாக மறைகிறது.

‘அப்படியானால் ஆங்கிலம் தெரியாதவர் ஏஜென்டிடம் பணம் கட்டித்தான் ஆக வேண்டுமா?’ என்ற கேள்வி நியாயமானது. பிரவுசரின் மொழிபெயர்ப்புக்கு முழுப் பக்கத்திலும் பூட்டுப் போடச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பக்கத்தின் தலையில் ஒரு வரி சேர்த்தால் பூட்டிவிடலாம்தான். ஆனால் நீண்ட அறிவுரைகளும் எச்சரிக்கைகளும் தமிழில் கிடைப்பது உண்மையான உதவி. அவை முழு வாக்கியங்கள் என்பதால் இயந்திரமும் அங்கே ஓரளவு தேறுகிறது. தொடக்கூடாதவை மூன்றுதான்: கட்டத்தின் பெயர், டிராப்டவுனின் தேர்வுகள், விண்ணப்பதாரர் தந்த பதில்கள். இவற்றை மட்டும் விலக்கச் சொல்ல `translate="no"` என்ற குறிப்பு எச்.டி.எம்.எல்.லிலேயே இருக்கிறது. அதை வைத்துவிட்டு, தமிழைப் பக்கத்தில் எழுதலாம்:

```html
<option value="M" translate="no">
Married – திருமணமானவர்</option>
```

DS-160 தளமே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. மேலே உதவிக்குறிப்புக்கான மொழியைத் தேர்ந்துவிட்டு, ஆங்கிலச் சொற்களின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் அந்த மொழியில் விளக்கம் தோன்றும். படிவம் ஆங்கிலமாகவே இருக்கும். விளக்கத்தை எழுதியவர் ஒரு மனிதராக இருந்தால் admission எது என்று அவருக்குத் தெரியும். போனில் நிரப்புகிறவருக்கு மவுஸ் கிடையாது என்பது இதன் குறை.

மொழிபெயர்ப்பான்கள் வேகமாக மேம்படுகின்றன, இந்தப் பிரச்சினை தானாகத் தீரும் என்பார்கள். ‘சேர்க்கை’ தீரலாம். ‘சாந்தி’ தீராது, value இல்லாத டிராப்டவுனும் தீராது. இவை இரண்டும் சரியான மொழிபெயர்ப்பாலேயே உடைபவை. பிரவுசர் செய்த வினைக்கு அலுவலகம் என்ன செய்யும் என்ற வாதமும் நிற்காது. எந்தச் சொல் விளக்கம், எந்தச் சொல் தரவு என்பது படிவத்தை எழுதியவருக்கு மட்டுமே தெரியும். பிரவுசருக்குச் சொல்லாமல் அதற்குத் தெரிய வழியில்லை. வெளியிடுவதற்கு முன் குரோமில் பக்கத்தைத் தமிழாக்கிவிட்டு ஒரு விண்ணப்பத்தை முழுமையாக நிரப்பி அனுப்பிப் பார்த்தால், வெளிப்படையாக உடையும் இடங்கள் அன்றைக்கே தெரிந்துவிடும். மௌனமாக உடைபவற்றைத் தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதுவரை நிரப்புகிறவர் செய்யக்கூடியது இருக்கிறது. நாடுகளின் பட்டியல் தமிழில் இருந்தும் அகர வரிசையில் இல்லை, ஆங்கிலத்தின் I தட்டினால் அந்த எழுத்தில் தொடங்கும் நாடுகளுக்குத் தாவவில்லை, சில கேள்விகள் தமிழிலும், பதில் சொன்னபின் புதிதாக முளைத்தவை ஆங்கிலத்திலும் நிற்கின்றன என்றால் மொழிபெயர்ப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. முகவரிப் பட்டையில் உள்ள மொழிபெயர்ப்புக் குறியை அமுக்கி English என்று மாற்றி, Never translate this site என்பதையும் தேர்ந்துவிடலாம். புரியாத வாக்கியத்தை நகலெடுத்து வேறொரு தாவலில் உள்ள மொழிபெயர்ப்புத் தளத்தில் ஒட்டி, தமிழில் படித்துக்கொள்ளலாம். சும்மா விட்டால் சுமார் 20 நிமிடத்தில் DS-160 வெளியேற்றிவிடும் என்பதால், நீளமான கேள்விகள் வரும் பக்கங்களில் முதலில் Save பொத்தானை அமுக்கிவிட்டுப் பிறகு அந்தத் தாவலுக்குப் போவது நல்லது.