மூன்று மாத வாரண்டி, இருபதாம் நாள் புகை

மிக்ஸிக்கு ஆர்மேச்சர் மாற்றி, மூன்று மாத வாரண்டி எழுதித் தருகிறார் கடைக்காரர். இருபதாம் நாள் அதே மிக்ஸி புகைந்து திரும்பி வருகிறது. செலவு யாருடையது?

கழற்றினால் தெரியும். ஒரு காயில் மட்டும் கருகி, மற்றவை பளபளப்பாக இருந்தால் பெரும்பாலும் சுற்றியதில் பழுது. கடை ஏற்க வேண்டும். எல்லாக் காயிலும் ஒரே மாதிரிக் கருப்பு என்றால், கெட்டி மாவை நிறையப் போட்டு நிறுத்தாமல் ஓட்டியிருப்பார்கள்.

மேல் பேரிங்கில் துருவும் காய்ந்த மாவும் இருந்தால், ஜாரின் புஷ் தேய்ந்து தண்ணீர் இறங்கியிருக்கிறது. இதில் வாடிக்கையாளரைக் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஜாரில் தண்ணீர் ஊற்றிக் காகிதத்தின் மேல் பத்து நிமிடம் வைத்திருந்தால், கசிவு அன்றே தெரிந்திருக்கும். புஷ் மாற்ற அவர் மறுத்தால், ‘ஜார் கசிகிறது, தண்ணீர் இறங்கினால் வாரண்டி இல்லை’ என்று பில்லிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கலாம்.

வாரண்டிக்குப் பணமும் ஒதுக்க வேண்டும். 800 ரூபாய் வேலைக்கு 40 ரூபாய் தனியே வைத்தால், இருபதில் ஒன்றை இலவசமாக மறுபடி செய்து தரலாம்.