ஏழாம் வீடும் அரை மணித்தியாலமும்

சிலாபத்திலே ஒரு பெண்பிள்ளைக்குக் கலியாணப் பேச்சு எழுந்தால், வீட்டார் முதலில் தேடுவது குறிப்பைத்தான். முன்னேஸ்வரத்துக்குப் போய் வருகிறவர்கள், உடப்பிலே சொந்தம் உள்ளவர்கள், வன்னியிலிருந்து வந்து இந்தப் பக்கம் தங்கிவிட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான். சாத்திரியார் குறிப்பை விரித்து ஏழாம் வீட்டைப் பார்த்து, "காலம் கடந்து போச்சுது" என்று சொல்லிவிட்டால், அந்தச் சொல் பிள்ளையின் தலையிலே பல வருடம் இருக்கும். ஆனால் 1996க்கும் 2006க்கும் இடையில் பிறந்த பிள்ளைகளின் குறிப்புகளில் ஏழாம் வீடே மாறி எழுதப்பட்டிருக்க இடமுண்டு. அதற்குக் காரணம் கிரகங்கள் அல்ல, மணிக்கூடு. இன்று கலியாண வயதில் இருப்பவர்கள் இந்தப் பிள்ளைகள்தான்.

ஏழாம் வீடு என்பது என்ன?

பிள்ளை பிறந்த நேரத்தில் கிழக்கு அடிவானத்தில் எந்த ராசி உதயமாகிக்கொண்டிருந்ததோ அதுவே இலக்கினம். இலக்கினத்தை ஒன்று என்று வைத்து எண்ணினால் ஏழாவதாக வருவது வாழ்க்கைத் துணையின் வீடு. அந்த ராசிக்கு உரிய கிரகம் ஏழாம் அதிபதி. அது எந்த வீட்டில், என்ன பலத்தோடு நிற்கிறது என்பதைக் கொண்டு துணையைப் பற்றிச் சொல்வார்கள். அதனுடைய தசையோ புத்தியோ எப்போது வருகிறது என்பதைக் கொண்டு கலியாண காலத்தைச் சொல்வார்கள். ஏழில் நிற்கும் கிரகத்தின் காலத்தையும், சுக்கிரனின் காலத்தையும், குருவின் கோசார சஞ்சாரத்தையும் சேர்த்துப் பார்ப்பதுண்டு.

ஒரு இலக்கினம் சராசரியாக இரண்டு மணித்தியாலம் இருக்கும். ஆகவே நேரத்தில் அரை மணித்தியாலம் பிசகினால், ஏறத்தாழ நாலு பிள்ளைகளில் ஒருவருக்கு இலக்கினம் மாறிவிடும். இலக்கினம் மாறினால் ஏழாம் வீடும் அதன் அதிபதியும் கூடவே மாறும்.

இரண்டு மணிக்கூடுகள்

மின்சாரத் தட்டுப்பாடு காரணமாக 1996 மே 25ஆம் திகதி இலங்கையின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளி வைக்கப்பட்டது. அதே வருடம் ஒக்ரோபர் 26ஆம் திகதி அதில் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15ஆம் திகதிதான் நீக்கப்பட்டது. ஆனால் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தன. அதனால் ஏறத்தாழ பத்து வருடம் கிளிநொச்சியில் ஏழு மணி என்றால் சிலாபத்தில் ஏழரை மணி.

இப்போது குறிப்பு எழுதுகிறவர் என்ன செய்கிறார்? கணினியில் திகதியையும் நேரத்தையும் கொடுத்து "இலங்கை" என்று குறிக்கிறார். கணினி அந்த வருடங்களுக்குரிய அரசாங்க நேரத்தை எடுத்துக்கொள்கிறது. சிலாபத்தில் பிறந்த பிள்ளைக்கு அது சரி. வன்னியிலே பழைய நேரத்தில் எழுதிவைத்த பிள்ளைக்கு அரை மணித்தியாலம் பிழை. மறுபக்கமாக, சிலாபத்தில் புதிய நேரத்தில் பிறந்த பிள்ளைக்குப் பழைய நேரமென்று நினைத்துக் கணித்தாலும் அதே பிழைதான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம்

2001 ஜூன் 4ஆம் திகதி காலை 6.50க்குக் கிளிநொச்சியில் ஒரு பெண்பிள்ளை பிறந்ததாக வைத்துக்கொள்வோம். அம்மா பார்த்த மணிக்கூடு பழைய நேரம். அன்று அங்கே சூரியோதயம் பழைய நேரப்படி ஏறத்தாழ 5.51. திருக்கணித முறைப்படி அப்போது ரிஷப இலக்கினம், ஏறத்தாழ 6.35க்கு மிதுன இலக்கினம் பிறக்கிறது. ஆகவே பிள்ளை மிதுன இலக்கினம். ஏழாம் வீடு தனுசு, அதன் அதிபதி குரு.

அந்த 6.50ஐப் புதிய நேரமென்று எடுத்தால் பழைய நேரத்தில் அது 6.20 ஆகிவிடும். இலக்கினம் ரிஷபம், ஏழாம் வீடு விருச்சிகம், அதிபதி செவ்வாய் என்று வரும்.

அன்று செவ்வாய் தனுசில் நின்றது. பிழையான குறிப்பில் அது எட்டாம் வீடு. பெண்ணுக்கு எட்டை மாங்கல்ய ஸ்தானம் என்று சொல்வதால், "ஏழுக்குடையவன் எட்டில் மறைந்தான்" என்று பயப்படுத்திவிடுவார்கள். பிள்ளை விசாக நட்சத்திரம், இப்போது சனி தசை. அதில் செவ்வாய் புத்தி 2023 இறுதியில் தொடங்கி 2024 இறுதியோடு முடிந்துவிட்டது. "காலம் கடந்து போச்சுது" என்ற சொல் இங்கேதான் பிறக்கிறது.

சரியான குறிப்பில் பார்க்க வேண்டியது குருவின் புத்தி. அது 2027 நடுப்பகுதியிலிருந்து 2029 இறுதி வரை. குரு ரிஷபத்தில், அதாவது பன்னிரண்டில் நிற்பதால் துணை தூர இடத்திலிருந்து வரலாம் என்பார்கள். சூரியனுக்குக் கிட்ட நிற்பதால் அதன் பலம் குறைவு என்றும் சொல்வார்கள். செவ்வாய் இப்போது ஏழில் வருவதால் செவ்வாய் தோஷமும் நீங்கவில்லை. நேரத்தைத் திருத்தினால் எல்லாம் நல்லதாக மாறிவிடும் என்பதில்லை. ஆனால் கடந்து போனதாகச் சொன்ன காலம் இன்னும் வரவேயில்லை.

மாறாதது எது?

அரை மணித்தியாலத்தில் சந்திரன் கால் பாகை அளவே நகரும். அதனால் ராசியும் நட்சத்திரமும் பெரும்பாலும் மாறா. நட்சத்திரத்தை வைத்துப் பார்த்த பொருத்தம் அப்படியே நிற்கும். தசை தொடங்கும் காலம் சில மாதங்கள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். "பொருத்தம் சரியாக இருந்ததே, குறிப்பும் சரிதான்" என்று ஆறுதல்படக் கூடாது. பொருத்தத்தில் இந்தப் பிழை தெரியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் குறிப்பில் பிறந்த இடத்தையும் வருடத்தையும் பாருங்கள். பிறகு அந்த நேரத்தை எந்த மணிக்கூட்டில் பார்த்தார்கள் என்று அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ கேளுங்கள். மணி நினைவில்லாவிட்டாலும் வெயில் நினைவிருக்கும். மேலே சொன்ன பிள்ளை சூரியன் உதித்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் பிறந்தவள். பிழையான குறிப்பின்படி அரை மணித்தியாலத்தில் பிறந்தவளாகிறாள். குறிப்பில் உதயாதி நாழிகை எழுதியிருந்தால் அதை 24ஆல் பெருக்குங்கள். உதயத்திலிருந்து எத்தனை நிமிடம் என்று வரும். இந்தப் பிள்ளைக்கு இரண்டரை நாழிகை வரவேண்டும். ஒன்றேகால் என்றிருந்தால் அரை மணித்தியாலம் குறைந்திருக்கிறது.

சாத்திரியாரிடம் இரண்டு நேரத்துக்கும் இலக்கினம் கேளுங்கள். இரண்டிலும் ஒரே இலக்கினம் வந்தால் கவலையில்லை. வேறு வேறாக வந்து, எந்த மணிக்கூடு என்பதும் தெரியாவிட்டால், அந்தக் குறிப்பை வைத்து ஏழாம் வீட்டைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. நட்சத்திரப் பொருத்தத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

குறிப்பு முழுதும் சரியாக இருந்தாலும் அது ஒரு திகதியைத் தருவதில்லை. ஏழாம் அதிபதி, ஏழில் நிற்கும் கிரகம், சுக்கிரன் என்று மூன்று நான்கு காலங்களை எண்ணினால், ஒருவரின் இருபதுகளிலே பாதிக்கு மேல் "கலியாண காலம்" ஆகிவிடும். இந்தக் கணிப்பு பலிக்கும் என்பதற்கு அறிவியல் ஆதாரமும் இல்லை. ஒரே நாளில், ஒரே இடத்தில், வெவ்வேறு இலக்கினத்துப் பெண்கள் எத்தனையோ பேர் போரிலே கணவனை இழந்தார்கள். அவர்களுடைய எட்டாம் வீடுகளெல்லாம் ஒன்றாயிருக்கவில்லை. ஆகவே விதவையான சகோதரியைப் பார்த்து "உன் குறிப்பின் பலன்" என்று சொல்ல யாருக்கும் சாத்திரம் இடம் கொடுக்கவில்லை.

நேரம் எழுதிய பழைய துண்டு கையில் இருந்தால், அதன் ஓரத்தில் "பழைய நேரம்" அல்லது "புதிய நேரம்" என்று இன்றைக்கே எழுதிவையுங்கள். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் வீட்டில் இருக்கிறார்கள்.