சலவைக் கடைக் கணக்கு: உருப்படி, ஒப்படைப்பு, பாக்கி

சலவைக் கடையின் கணக்கேட்டுக்கு மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். வந்த துணி எத்தனை, அதில் திரும்பிப் போனது எத்தனை, வாடிக்கையாளர் இன்னும் தர வேண்டிய பணம் எவ்வளவு. பெரும்பாலான கடைகளில் இந்த மூன்றும் ஒரே பில்லின் அடிக்கட்டையில் எழுதப்படுகின்றன. துணி போனதும் பில்லின் மேல் ஒரு கோடு. பாக்கி இருந்தால் ஓரத்தில் ஒரு தொகை. துணி முழுவதும் ஒரே நாளில் போய், பணமும் அன்றே வந்துவிட்டால் இந்த முறையே போதும். பட்டுச் சேலை மட்டும் டிரை கிளீனிங்கிலிருந்து வராமல் மற்றவை போகும்போதும், பணம் தவணையாக வரும்போதும்தான் அந்தக் கோடு பொய் சொல்லத் தொடங்குகிறது. துணி போகும் நாளும் பணம் வரும் நாளும் வேறு வேறு. ஆகவே அவற்றைத் தனித்தனியாகப் பதிந்தாக வேண்டும்.

முதலில் உருப்படி என்றால் என்ன என்று கடை முடிவு செய்ய வேண்டும். சேலையும் ரவிக்கையும் ஒன்றா, இரண்டா? சுடிதார் செட் ஒன்றா, மூன்றா? வாங்கும்போது ‘ஒரு செட்’ என்று எழுதி, கொடுக்கும்போது துப்பட்டா இல்லை என்றால் யார் பக்கம் தவறு என்று எந்த ஏடும் சொல்லாது. எது தனியாக அடையாளம் பெறுகிறதோ அதுவே ஓர் உருப்படி என்ற விதி இதற்குப் போதும். சலவைத் தொழிலாளர்கள் சேராங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் இட்ட அழியாத குறியும் இதே வேலையைத்தான் செய்தது. இன்று அந்த இடத்தில் பில் எண் எழுதிய துணி டேக் இருக்கிறது. சுடிதார் செட்டுக்கு மூன்று டேக் என்றால் ஏட்டிலும் மூன்று உருப்படி. கூலி செட்டுக்கு ஒன்றுதான் என்றால், ஒரு வரியில் முழுக் கூலியையும் மற்ற இரண்டில் சுழியத்தையும் எழுதினால் போதும்.

இந்தக் கணக்கைச் செல்பேசியிலோ கணினியிலோ ஒரு விரிதாளில் வைக்கலாம். நான்கு தாள்கள் தேவை. `Customers` தாளில் வாடிக்கையாளரின் செல்பேசி எண்ணும் பெயரும் இருக்கும். ஒரே தெருவில் இரண்டு முருகன் இருப்பார்கள் என்பதால் பெயரை அடையாளமாகக் கொள்ளக்கூடாது. செல்பேசி எண்ணையும் எப்போதும் இடைவெளி இல்லாமல் பத்து இலக்கமாகவே எழுத வேண்டும். ஒரு நாள் +91 சேர்த்தும் மறுநாள் சேர்க்காமலும் எழுதினால் ஒருவரே இருவராகிவிடுவார். `Bills` தாளில் பில் எண், தேதி, செல்பேசி எண், தொகை. `Items` தாளில் துணி வகைக்கு ஒரு வரி: பில் எண், வகை, வந்தது, தயாரானது, கொடுத்தது, கூலி, வரியின் தொகை. `Payments` தாளில் தேதி, செல்பேசி எண், வந்த பணம். முன்பணமும் இதிலேயே சேரும்.

கூலியை விலைப்பட்டியலிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும்படி அமைக்கத் தோன்றும். அப்படிச் செய்யாமல் இருப்பதே நல்லது. சட்டைக்கு 40 ரூபாய் என்பது அடுத்த மாதம் 45 ஆனால், அந்த அமைப்பில் பழைய பில்களும் சேர்ந்து மாறிவிடும். தீர்ந்த கணக்குகளில் புதிதாகப் பாக்கி முளைக்கும். துணி வந்த நாளின் கூலி அந்த வரியிலேயே எண்ணாக எழுதப்பட்டு அப்படியே நிற்க வேண்டும்.

துணியின் நிலையைக் கையால் எழுத வேண்டியதில்லை. எண்ணிக்கையே அதைச் சொல்லிவிடும். `Items` தாளில் C வந்தது, D தயாரானது, E கொடுத்தது என்றால்:

```
=IF(E2=C2,"கொடுத்தாயிற்று",IF(D2=C2,"தயார்","வேலையில்"))
```

வாடிக்கையாளரின் பாக்கியையும் ஒரு கட்டத்தில் எழுதி வைத்து, பணம் வரும்போதெல்லாம் அழித்துத் திருத்தக் கூடாது. அழித்த எண் எப்படி வந்தது என்று பிறகு யாராலும் காட்ட முடியாது. அவருடைய எல்லாப் பில்களின் கூட்டலிலிருந்து, அவர் தந்த எல்லாப் பணத்தின் கூட்டலைக் கழித்தால் வருவதே பாக்கி. `Customers` தாளில் A2 செல்பேசி எண் என்றால்:

```
=SUMIFS(Bills!D:D,Bills!C:C,A2)-SUMIFS(Payments!C:C,Payments!B:B,A2)
```

ஒருவரின் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். ஜூன் 3 அன்று பில் 412-இல் அவர் 6 சட்டை, 4 பேண்ட், 1 வேட்டி, 1 பட்டுச் சேலை தருகிறார். மொத்தம் 12 உருப்படி. கூலி முறையே 40, 50, 60, 250 ரூபாய், தொகை 750. முன்பணம் 300. ஜூன் 8 அன்று வந்து 11 உருப்படிகளை எடுத்துக்கொண்டு 200 தருகிறார். சேலை இன்னும் வரவில்லை. இப்போது அந்தப் பில்லில் மூன்று வரிகள் ‘கொடுத்தாயிற்று’, சேலையின் வரி மட்டும் ‘வேலையில்’, பாக்கி 250. ஜூன் 10 அன்று பில் 431-இல் 5 சட்டையும் 2 பேண்ட்டும் வருகின்றன, தொகை 300. பாக்கி 550 ஆகிறது. ஜூன் 12 அன்று சேலையை வாங்கிக்கொண்டு 400 தருகிறார். மொத்தப் பில் 1,050, வந்தது 900, பாக்கி 150. கடையில் அவருடைய துணி 7.

அந்த 400 எந்தப் பில்லுக்கு என்று கேட்டால், பழையதை முதலில் தீர்ப்பதே வழக்கம். 250 போய் பில் 412 தீரும். மிச்சம் 150 பில் 431-க்குச் சேரும். பாக்கி எத்தனை நாள் பழையது என்று பார்க்கும்போதுதான் இந்தப் பிரிப்பு தேவைப்படும். பாக்கியின் முன்னால் கழித்தல் குறி வந்தால், பணம் கடையிடம் கூடுதலாக இருக்கிறது என்று பொருள்.

ஏடு சரியா என்று இரவில் கடை மூடும்போது சோதிக்கலாம். வந்தவற்றின் கூட்டலிலிருந்து கொடுத்தவற்றின் கூட்டலைக் கழித்த எண்ணும், அலமாரியிலும் வேலையிலும் வெளியே டிரை கிளீனிங்கிலும் உள்ள துணிகளின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏட்டைவிடத் துணி ஒன்று குறைந்தால், துணி தொலைந்திருக்கலாம். கொடுத்ததைப் பதியாமலும் விட்டிருக்கலாம். அன்று வந்துபோன பில்களை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். வாரம் கழித்துத் தேடினால் கிடைப்பது அரிது.

இந்தச் சோதனைக்கு அகப்படாத தவறு ஒன்று உண்டு. இரண்டு வீட்டு வெள்ளைச் சட்டைகள் இடம் மாறிப் போனால் எல்லா எண்ணும் சரியாகவே இருக்கும். அங்கே டேக்தான் காவல். கட்டும்போது டேக்கில் உள்ள பில் எண்ணைப் படித்துப் பார்த்தே அடுக்க வேண்டும்; டேக்கை வாடிக்கையாளர் முன்னால்தான் கழற்ற வேண்டும்.

துணி கெட்டுப்போய்க் கூலியைக் குறைத்தாலும், நஷ்டம் கொடுத்தாலும் பழைய பில்லைத் திருத்தக் கூடாது. `Payments` தாளில் ‘கழிவு’ என்று குறித்து அந்தத் தொகையை ஒரு வரியாக எழுதினால் பாக்கி குறையும், காரணமும் பதிவாகும். ஆனால் அந்த வரியைக் கல்லாப் பணத்தோடு கூட்டிவிடாமல் இருக்கத் தனிப் பத்தியில் வகை குறிக்க வேண்டும். ‘தயார்’ ஆன தேதிக்கும் ஒரு பத்தி வைத்தால், மாதக்கணக்கில் எடுக்கப்படாத துணிகளை அதை வைத்தே வரிசைப்படுத்தி உரியவர்களுக்குப் போன் செய்யலாம். மின்சாரமோ இணையமோ இல்லாத நாளுக்காகக் கார்பன் தாள் வைத்த பில் புத்தகம் மேசையில் இருந்தாக வேண்டும். விரிதாளிலும் அதே பில் எண்ணைப் பயன்படுத்தினால், பிறகு ஏற்றும்போது எந்தப் பில் விடுபட்டது என்பது எண் வரிசையிலேயே தெரிந்துவிடும்.