பத்திரம் நம் கையில், மனை அடுத்தவர் கையில்

கும்பளங்கியில் ஐந்து சென்ட் மனையை 2019இல் கிரையம் வாங்கிவிட்டு வெளியூர் போன ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2024இல் வந்து பார்த்தால், முன்பின் தெரியாத ஒருவர் கம்பி வேலி போட்டு, தகரக் கொட்டகையில் குடியிருக்கிறார். "இது எங்கள் அப்பா காலத்து இடம்" என்கிறார். வழக்குரையில் என்ன பரிகாரம் கேட்பது?

பலரும் தடையுத்தரவு மட்டும் கேட்கிறார்கள். அதன் விலையை ஒரு வாரங்கல் வழக்கு காட்டியது. 1968இல் ஒரு பெண்ணிடம் மனை வாங்கியவர்களும், 1977இல் அவருடைய சகோதரனிடம் அதே இடத்தை வாங்கியவரும் மோதிக்கொண்டார்கள். முதலில் வாங்கியவர்கள் 1978இல் நிரந்தரத் தடை மட்டும் கேட்டு வழக்குப் போட்டார்கள். 2008 மார்ச்சில், அனதுல சுதாகர் வழக்கு என்று இன்று அறியப்படும் தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. உரிமையே கேள்விக்குள்ளானபோது உரிமையை விளம்பக் கேட்டிருக்க வேண்டும் என்றது. 30 ஆண்டுகள் கழித்து, புதிதாக வழக்குப் போடலாம் என்ற நிலையே மிஞ்சியது.

நம் கும்பளங்கிக்காரர் சுவாதீனத்தையும் இழந்திருக்கிறார். ஆகவே, உரிமை தனக்கே என்று விளம்பவும், சுவாதீனத்தை மீட்டுத் தரவும் சேர்த்தே கேட்க வேண்டும். தடையுத்தரவு அதற்கடுத்த பரிகாரம். விளம்புகை மட்டும் கேட்டு நிறுத்தினாலும் 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்.

அடுத்து சொத்து விவரம். சர்வே எண், பரப்பு, நான்கெல்லை மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். காயலும் தோடும் வரப்பும் சூழ்ந்த கும்பளங்கியில் "மேற்கே தோடு" என்று எழுதினால் போதாது. தோடு தூர்ந்தோ நகர்ந்தோ இருக்கலாம். சர்வேயரோடு வழக்கறிஞர் ஆணையர் வந்து அளக்கும்போது, ஆக்கிரமித்த இடமும் வழக்கில் சொன்ன இடமும் ஒன்றுதான் என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் போனால் தீர்ப்பு கிடைத்தும் நிறைவேற்ற முடியாது.

உரிமையை நிரூபிக்கும் சுமை வாதியுடையது. எதிரியிடம் காகிதம் இல்லை என்பது வாதிக்கு உரிமை தராது. தாய்ப்பத்திரத்திலிருந்து தன் கிரையம் வரை இடைவெளியில்லாத தொடர் வேண்டும். போக்குவரவும் கரம் கட்டிய ரசீதும் துணைச் சான்றுகள்தான்.

கடைசியாக, தேதி. உரிமையை வைத்துச் சுவாதீனம் கேட்க, எதிரியின் அனுபவம் எதிரிடையாக மாறிய நாளிலிருந்து 12 ஆண்டுகள்தான் காலம். அந்தக் கணக்கு 2019 கிரையத்தோடு தொடங்குவதில்லை. விற்றவர் காலத்திலேயே வேலி விழுந்திருந்தால் அந்த ஆண்டுகளும் சேரும். அதனால், வேலி எப்போது வந்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து, பழைய படங்களையும் திரட்டிய பிறகே வழக்கு மூலம் எழுந்த தேதியை வழக்குரையில் எழுத வேண்டும்.